திருச்சியில் ஒரு ஃபிளாட், கல்லடியில் ஒரு வீடு: பிள்ளையில்லாத அக்காவின் சொத்து யாருக்கு?

"ஐயா, என்ட அக்கா நர்சிங் படிக்கவெண்டு திருச்சிக்குப் போய், 1999இல் அங்கேயே கலியாணம் முடித்து, பிறகு இந்தியப் பிரஜையும் ஆகிவிட்டா. பிள்ளைகள் இல்லை. அத்தான் நாலு வருடத்துக்கு முன்னம் தவறிவிட்டார். அக்கா போன மாசியில் மோசம் போய்விட்டா. உயில் ஒன்றும் எழுதவில்லை. திருச்சியில் அவ தன்ட சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட் இருக்கு. கல்லடியில் கலியாணத்துக்கு முன்னமே அம்மா உறுதி முடித்துக் கொடுத்த வீடுவளவு இருக்கு. மட்டக்களப்பு வங்கி ஒன்றில் நிலையான வைப்பும், அம்மாட அலுமாரிக்குள் அக்காட நகையும் இருக்கு. அப்பா இல்லை. அம்மாவுக்கு 78 வயது. அண்ணனும் நானும் இருக்கிறம். தங்கச்சி 2004 சுனாமியில் போய்விட்டாள், அவட பிள்ளைகள் ரெண்டு பேர் வளர்ந்து நிற்கினம். இப்போ அத்தான்ட தம்பி, 'இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எல்லாம் எங்களுக்குத்தான், கல்லடி வீட்டுக்கும் சேர்த்து பவர் எழுதி அனுப்புங்கோ' எண்டு வாரிசுச் சான்றிதழ் கொப்பியோடு கடிதம் போட்டிருக்கிறார். அம்மாவோ, பொம்பிளைப் பிள்ளைக்குக் கொடுத்த வீடு தனக்குத்தான் திரும்பவேணும், ஆம்பிளைக்கு அதில் பங்கில்லை எண்டு நிற்கிறா. ஆர் சொல்வது சரி?"
— கல்லடி வாசகி

முதலில் உங்களுக்கு நிம்மதி தரும் செய்தி. கல்லடி வீட்டில் அத்தானின் தம்பிக்கு ஒரு சதமும் இல்லை. பவர் எழுதி அனுப்பவே வேண்டாம். அடுத்தது கசப்பான செய்தி. திருச்சி ஃபிளாட்டில் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. உங்கள் அக்கா இரவுப் பணி பார்த்துச் சம்பாதித்த வீடு, அவரைப் பெற்ற தாய்க்குப் போகாமல் கணவரின் உடன்பிறப்புகளுக்குப் போகிறது. அம்மா சொல்வதும் சட்டப்படி நிற்காது. அவரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

ஒரே பெண்ணின் சொத்துக்கு இரண்டு விடை வருவது எப்படி என்றால், வீடு வளவு போன்ற அசையாச் சொத்துக்கு அது எந்த நாட்டு மண்ணில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் வாரிசைச் சொல்லும். இறந்தவர் எந்த நாட்டுப் பிரஜை, எங்கே இறந்தார் என்பதெல்லாம் அதில் குறுக்கே வராது. காசு, நகை போன்ற அசையும் சொத்துக்கு மட்டும் வேறு விதி. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் சண்டை வரப்போவது அங்கேதான்.

கல்லடி வீட்டை எடுத்துக்கொள்வோம். அத்தானின் தம்பி சொல்லும் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் இந்தியாவில் வந்தது. அது பாலத்தைத் தாண்டிக் கல்லடிக்கு வராது. நம் ஊரில் ஒருவர் சைவமா கிறிஸ்தவமா என்று பார்த்து இந்த வாரிசுரிமையைப் பிரிப்பதில்லை. முஸ்லிம்களுக்கும் கண்டியச் சிங்களவருக்கும் தனிச் சட்டம் உண்டு. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கு அப்படி ஒன்றும் இல்லை. நமக்கும் சிங்களக் கரையோரத்தாருக்கும் பொதுவாக இருப்பது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டத்தை அடிப்படையாக வைத்து எழுதியது.

அதற்கு முன் இங்கே முக்குவர் சட்டம் என்று ஒன்று வழக்கில் இருந்தது. தாய்வழியாகவே சொத்து இறங்கும் முறை அது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது கோட்டில் செல்லாமல் போயிற்று. ஆனால் மனிதர் மனசில் போகவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், வீடுவளவைப் பெண்பிள்ளைகளுக்கே எழுதுவதும், குடி தாயைப் பார்த்துச் சொல்லப்படுவதும் இன்றைக்கும் நடக்கிறதுதானே. உங்கள் அம்மா பேசுவது அந்த வழக்கத்திலிருந்து. உயிரோடு இருக்கும்போது உறுதி எழுதிக் கொடுக்கும் வரைக்கும் அந்த வழக்கத்துக்கு வேலை உண்டு. ஒருவர் எழுதாமல் இறந்த பிறகு அதற்கு வேலை இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கணவனோ மனைவியோ உயிரோடு இருந்தால் சொத்தில் அரைவாசி அவருக்கு. மீதி அரைவாசி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லையென்றால் இறந்தவரின் தாய் தகப்பனுக்கு. இருவரில் ஒருவர் இல்லையென்றால், இருக்கும் ஒருவருக்குப் பாதி, மற்றப் பாதி இறந்தவரின் சகோதர சகோதரிகளுக்கு. சகோதரங்களில் ஒருவர் முன்னமே இறந்திருந்தால் அவருடைய பங்கை அவருடைய பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. சொத்து சீதனமாக வந்ததா, சம்பளத்தில் வாங்கியதா என்றும் சட்டம் கேட்பதில்லை.

உங்கள் கணக்கைப் போடுவோம். அத்தான் அக்காவுக்கு முந்தியே இறந்துவிட்டார், ஆகவே வாழ்க்கைத்துணைக்கு உரிய அரைவாசி என்று ஒன்று இப்போது இல்லை. அவருக்கு வராத பங்கு அவருடைய தம்பிக்கும் வராது. முழு வீடும் அக்காவின் இரத்த உறவுகளுக்கே. வீட்டைப் 12 பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 6. மிச்சம் 6 பங்கு அண்ணன், நீங்கள், இறந்த தங்கச்சி என்று மூன்றாகப் பிரியும். அண்ணனுக்கு 2, உங்களுக்கு 2, தங்கச்சியின் 2 பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாக. தங்கச்சி 2004இலேயே போய்விட்டாள், அவள் பிள்ளைகளுக்கு எதற்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை முழுதாக விற்க முடியாது.

இதையே அத்தான் உயிரோடு இருக்கும் நிலையில் போட்டுப் பாருங்கள். இதை வாசிக்கும் வேறு பலருக்கு அதுதான் தேவைப்படும். அப்போது அத்தானுக்கு வீட்டில் அரைவாசி. அம்மாவுக்குக் கால்வாசி. மிச்சக் கால்வாசி மூன்று சகோதரங்களின் கிளைகளுக்கும். பெண்சாதி வீட்டில் வந்து குடியிருந்த மாப்பிள்ளை, அவள் இறந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று நம் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். அது பிழை. பிள்ளை இல்லாவிட்டாலும் அவர் அரைவாசிக்காரர். ஆனால் கலியாணம் சட்டப்படி செல்லுபடியாக இருக்கவேண்டும். பதிவு இல்லாமல் கோயிலில் தாலி கட்டிய கலியாணத்தையும் நீதிமன்றம் ஏற்கும், அதை நிரூபிக்கத்தான் ஐயர், சாட்சிகள், படங்கள் என்று அலையவேண்டி வரும்.

இடையில் ஒன்று. மட்டக்களப்புப் பெண் யாழ்ப்பாணத்தவரை, அதாவது தேசவழமைக்கு உட்பட்ட ஒருவரை முடித்தால், அந்த விவாகம் நிலைக்கும் காலம் வரைக்கும் அவரும் தேசவழமைக்குள் வந்துவிடுவார். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. தேசவழமையில் சீதனத்துக்கு ஒரு வழி, இருவரும் சேர்ந்து தேடிய தேட்டத்துக்கு ஒரு வழி என்று கணக்கே வேறு. அப்படியான குடும்பங்கள் மேலே நான் போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகவேண்டாம்.

இனி உங்கள் வீட்டு உறுதியை எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். முதல் பக்கத்தில் எழுதுபவர், பெறுபவர் பெயர் பார்த்ததும் மடித்துவைக்காமல் கடைசிவரை வாசியுங்கள். நம் ஊர் நொத்தாரிசுமார் தாய் மகளுக்கு எழுதும் நன்கொடை உறுதிகளில், எழுதிக்கொடுப்பவர் தன் சீவிய காலம் முழுக்க அந்த வீட்டில் இருக்கவும் வருமானம் எடுக்கவும் தனக்கு உரிமை வைத்துக்கொள்வதாக ஒரு வரி அனேகமாக இருக்கும். சீவிய உருத்து என்று சொல்வோமே, அது. அந்த வரி இருந்தால், 12இல் 6 பங்கு என்ன, முழு வீட்டிலும் அம்மாவை அவர் கண்மூடும் வரைக்கும் யாரும் அசைக்க முடியாது. அவர் கேட்பதில் முக்கால்வாசி அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடலாம். அந்த வரியைக் காட்டி அவரிடம் பேசினால், அண்ணனுக்கும் பங்கு உண்டு என்பதை ஏற்றுக்கொள்வது கொஞ்சம் சுலபமாகும்.

இப்போது கடல் கடந்து திருச்சிக்கு. அங்கே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 15ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்துப் பெண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து போகவேண்டிய வரிசையை அது சொல்கிறது. முதல் வரிசையில் பிள்ளைகளும் கணவரும். இரண்டாவது வரிசையில் கணவரின் வாரிசுகள். மூன்றாவதாகத்தான் அவருடைய தாயும் தகப்பனும். அதற்குப் பிறகு தகப்பனின் வாரிசுகள், கடைசியில் தாயின் வாரிசுகள். முன் வரிசையில் ஒரே ஒருவர் இருந்தாலும் பின் வரிசைக்கு ஒன்றும் வராது. உங்கள் அம்மா மூன்றாம் வரிசையில் நிற்கிறார். இரண்டாம் வரிசையில் அத்தானின் தம்பி நிற்கிறார். நீங்களும் அண்ணனும் நான்காம் வரிசை.

இது எப்பேர்ப்பட்ட அநியாயம் என்பது ஒரு ஆணின் சொத்தோடு ஒப்பிட்டால் தெரியும். அத்தான் பிள்ளையில்லாமல், உங்கள் அக்காவுக்குப் பிறகு இறந்திருந்தால், அவருடைய சொத்து அவருடைய வீட்டாருக்கே போயிருக்கும். அக்கா வீட்டார் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அக்காவின் சொத்துக்கும் அத்தான் வீட்டார்தான் முந்துகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1955இல் கலியாணம் முடித்த ஒரு பெண்ணின் கணவர் மூன்று மாதத்துக்குள் இறந்துபோனார். புகுந்த வீட்டார் அவரைத் துரத்திவிட்டார்கள். தாய் வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய், காசு சேர்த்து, 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். தாய் கேட்டார். செத்துப்போன கணவரின் சகோதரியின் பிள்ளைகளும் கேட்டார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, சட்டம் அப்படி இருக்கிறது என்றது. நாற்பது வருடம் அவரை எட்டிப் பார்க்காதவர்களுக்கே அது கிடைத்தது என்றால், உங்கள் அக்காவோடு நல்லபடியாக இருந்த புகுந்த வீட்டாரை எதிர்த்து நீங்கள் என்ன சொல்லி வெல்வது? இந்தியச் சட்ட ஆணைக்குழு 2008இலேயே, பெண் தானாகச் சம்பாதித்த சொத்தைக் கணவர் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அது சட்டமாகவில்லை.

இந்தப் பிரிவுக்கு ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு யாராவது அதைச் சொல்லி ஆசை காட்டலாம். பிள்ளையில்லாத பெண்ணுக்குத் தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். கணவரிடமிருந்தோ மாமனாரிடமிருந்தோ வாரிசாக வந்தது கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பும். இதில் 'வாரிசாக' என்பதுதான் முக்கியம். தாய் தகப்பன் இறந்த பிறகு தானாக இறங்கிய சொத்துக்குத்தான் அது பொருந்தும். உயிரோடு இருக்கும்போது கொடுத்த நன்கொடைக்குப் பொருந்தாது. ஃபிளாட் வாங்கும்போது அம்மா ஊரிலிருந்து கொஞ்சம் காசு அனுப்பியிருந்தாலும் அதனால் ஃபிளாட் அந்த விலக்குக்குள் வராது. கல்லடி வீடே திருச்சியில் இருந்திருந்தாலும் உறுதி எழுதிக் கொடுத்த சொத்து என்பதால் கணவர் வீட்டுக்குத்தான் போயிருக்கும். அது கல்லடியில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

கணவரின் வாரிசுகள் என்றால் யார் யார்? சொத்து அத்தானுடையதாக இருந்து, அக்கா இறந்த உடனே அவரும் உயிலில்லாமல் இறந்ததாகப் பாவித்துக்கொண்டு அவருடைய வாரிசுகளைத் தேடவேண்டும். அத்தானின் தாய் உயிரோடு இருந்தால் முழுவதும் அவருக்கே. அத்தானுக்கு வேறு தாரத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் அதே முதல் வகுப்பில் வருவார்கள். அப்படி யாரும் இல்லாமல் தகப்பன் இருந்தால் அவருக்கு. அவரும் இல்லையென்றால், உயிரோடு இருக்கும் சகோதர சகோதரிகள் சமமாகப் பிரிப்பார்கள். நம் சட்டத்துக்கும் அதற்கும் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே உயிரோடு ஒரு சகோதரமாவது இருக்கும்போது, இறந்துபோன சகோதரத்தின் பிள்ளைகளுக்குப் பங்கில்லை. உங்கள் தங்கச்சியின் பிள்ளைகள் கல்லடியில் பங்காளர். அத்தானுக்கு இறந்துபோன அண்ணன் ஒருவர் இருந்து, அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் திருச்சியில் பங்காளர் அல்ல. உங்களுக்குக் கடிதம் போட்டவர் தனி ஆளாக எல்லாவற்றையும் கேட்கிறாரா, அவருக்கு அக்கா தங்கை உண்டா என்று விசாரியுங்கள். அவர்கள் இருந்தால் அவருடைய பங்கும் குறையும், 'எல்லாம் எங்களுக்குத்தான்' என்ற வேகமும் கொஞ்சம் குறையும்.

அவர் அனுப்பிய வாரிசுச் சான்றிதழ் திருச்சி வட்டாட்சியர் அலுவலகம் கொடுப்பது. இறந்தவருக்கு இன்னார் இன்னார் உறவு என்று அங்கே காட்டுவதற்கு உதவும். அதைக் கொண்டுவந்து மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் நீட்டி வீட்டை மாற்ற முடியாது. நீங்களாகக் கையெழுத்துப் போட்டு பவர் அனுப்பினால்தான் அவருக்கு இங்கே கால் வைக்க இடம் கிடைக்கும். 'சும்மா ஒரு சம்மதக் கடிதம்' என்று கேட்டாலும் அதே பதில்தான்.

திருச்சி ஃபிளாட்டில் உங்களுக்கு வழியே இல்லையா? வழக்கில் இல்லை, பேச்சில் இருக்கலாம். 2025 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பற்றிய மனு ஒன்றில், இந்துப் பெண்கள் தங்கள் சொத்துக்கு உயில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொண்டது. கூடவே, பிறந்த வீட்டார் உரிமை கேட்டு வரும் இடத்தில் வழக்குக்கு முன் சமரசப் பேச்சு நடக்கவேண்டும் என்றும் சொன்னது. திருச்சி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஊடாக அதைக் கேட்கலாம். 78 வயதுத் தாய் ஒருவர் கேட்கும்போது எதிர்ப் பக்கம் கொஞ்சம் இறங்கி வருவதை எதிர்பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் ஃபிளாட்டில் பங்கு கேட்காதீர்கள், காசாகக் கேளுங்கள். இலங்கைப் பிரஜை இந்தியாவில் வீடு காணி எடுக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். கைக்கு வராத பங்குக்காக அந்த அனுமதிக்குப் பின்னால் ஓட வேண்டாம்.

இனி வைப்புக் காசும் நகையும். அசையும் சொத்துக்கு, இறந்தவர் எந்த நாட்டை நிரந்தர வதிவிடமாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டுச் சட்டம். உங்கள் அக்கா இருபது வருடத்துக்கு மேல் திருச்சியில் குடித்தனம் நடத்தி, பிரஜையும் ஆகி, அங்கேயே இறந்தவர். அவருடைய வதிவிடம் இந்தியா என்பதில் வாதாட இடம் குறைவு. அதனால் காசு மட்டக்களப்பு வங்கியில் இருந்தாலும் வாரிசைச் சொல்வது 15ஆம் பிரிவு. அத்தானின் தம்பி வீட்டை விட்டுவிட்டு இதைக் கேட்டால் அவருக்கு நியாயம் உண்டு. ஆகவே வங்கிக்குப் போய் முதலில் கேட்கவேண்டியது, அக்கா அந்தக் கணக்குக்கு யாரையாவது நியமித்திருக்கிறாரா என்பதை. நம் ஊர் வங்கிகளில் வைப்புப் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கும். அம்மாவின் பெயரோ உங்கள் பெயரோ அதில் இருந்தால் வங்கி அவருக்குக் காசைக் கொடுக்கும். இல்லாவிட்டால் மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைக் கேட்பார்கள்.

நகை விஷயத்தில் அவசரப்பட்டு உருக்கவோ விற்கவோ வேண்டாம். முதலில் அதில் எது எது அக்காவுடையது என்று பிரியுங்கள். ஊருக்கு வந்தபோது போட்டுக்கொள்ளட்டும் என்று அம்மா கொடுத்து, திரும்ப அலுமாரிக்குள் வைத்த சங்கிலி அம்மாவுடையது. அது அக்காவின் சொத்தே இல்லை, யாருக்கும் இறங்காது. அக்கா திருச்சியில் வாங்கி, பாதுகாப்புக்காக இங்கே வைத்துவிட்டுப்போன காப்பு அக்காவுடையது, அது 15ஆம் பிரிவுக்குள் வரும். நகைக்கடை ரசீது, பழைய கலியாணப் படங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து, நகையையும் வைப்பையும் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்து, ஃபிளாட்டில் கொஞ்சம் காசாக மறுபக்கம் விட்டுக்கொடுக்கும் பேச்சு சரிவருமா என்று பாருங்கள். நான் உங்கள் சட்டத்தரணியாக இருந்தால் அங்கேதான் தொடங்குவேன்.

உயில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தெரியும்? இந்தியாவில் உயிலைப் பதிவு செய்யவேண்டும் என்று கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சி கையெழுத்து இருந்தாலே போதும். அக்காவின் அலுவலக மேசை, வங்கிப் பெட்டகம், நெருங்கிய சிநேகிதிகள் எல்லோரையும் ஒருமுறை கேளுங்கள். இங்கே மரணசாசனம் நொத்தாரிசுக்கு முன் இரண்டு சாட்சியோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சியோடு எழுதப்படவேண்டும். திருச்சியில் ஒரு தாள் கிடைத்தால் அது கல்லடி வீட்டுக்குப் பிடிக்குமா என்பதைத் தாளைப் பார்த்துத்தான் சொல்லமுடியும், கிடைத்தால் கொண்டு வாருங்கள்.

படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் போட்ட பங்குக் கணக்கு உறுதிக் காணிக்கு மட்டும்தான். பேமிட் காணி, அளிப்புப் பத்திரக் காணி என்று காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த வயலுக்கு அது செல்லாது. அதில் உயிரோடிருக்கும் கணவரோ மனைவியோ அனுபவிக்கலாம். அதன் பிறகு பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளராகப் பெயர் பதிந்தவருக்குப் போகும், பெயர் பதியாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். பிள்ளையில்லாத பெண் ஒருவரின் பெயரில் பேமிட் வயல் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் போய் பின்னுரித்தாளர் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வாசகி, உங்களுக்கு இப்போது செய்யவேண்டியவை. அத்தானின் தம்பிக்குக் கோபமில்லாமல் நாலு வரிப் பதில் எழுதுங்கள்: கல்லடி வீடு இலங்கைச் சட்டத்தின் கீழ் வரும், மற்றவை பற்றிப் பேசத் தயார் என்று. அக்காவின் இந்திய இறப்புச் சான்றிதழ், அத்தானின் இறப்புச் சான்றிதழ் இரண்டிலும் சான்றளித்த பிரதிகளை அவரிடமே கேட்டு வாங்குங்கள். அத்தான் முந்தி இறந்தார் என்பதைக் காட்டாமல் மேலே சொன்ன 12 பங்குக் கணக்கு நிற்காது. அக்காவின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், தங்கச்சியின் இறப்புச் சான்றிதழ், மூல உறுதி ஆகியவற்றை ஒரே கோப்பில் போடுங்கள். சுனாமியில் உடல் கிடைக்காதவர்களுக்கும் அப்போது விசேட சட்டத்தின் கீழ் இறப்புப் பதிவு செய்தார்கள், உங்களிடம் அது இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் தேடி எடுங்கள். பிறகு கல்லடி வீட்டின் பெறுமதியை மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு எடுத்து, இறந்தவரின் சொத்தை நீதிமன்றம் மூலம் வாரிசுகளுக்கு மாற்றும் டெஸ்டமென்டரி வழக்குப் போடவேண்டிய அளவா அது என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். உயில் இல்லாவிட்டாலும் வழக்கின் பெயர் அதுதான். போடவேண்டிய அளவென்றால், அது முடியாமல் வீட்டை விற்பதோ பங்கு எழுதுவதோ பின்னுக்குச் சிக்கலாகும்.

கடைசியாக, அண்ணனைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். அண்ணன் என்றில்லை, இப்படியான வீடுகளில் யாராவது ஒருவர் தனியே நொத்தாரிசிடம் போய், தானே ஒரே உரிமையாளர் என்று வெளிப்படுத்தல் உறுதி முடித்து அதைப் பதிந்துவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி ஒன்று பதியப்பட்டால், அதைக் கிளறி எடுக்க வருடக்கணக்கில் வழக்காடவேண்டும். அதைத் தடுக்க, காணிப் பதிவகத்தில் அந்த வளவின் பதிவேட்டுப் பக்கத்தில் உங்கள் பெயரில் ஒரு கேவியட் போட்டு வையுங்கள். அதன் பிறகு அந்தக் காணிக்கு ஏதாவது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். அந்தப் பதிவுக்குக் காலவரை உண்டு, முடியுமுன் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். கேவியட் போட்டதை அண்ணனுக்கும் நேரே சொல்லிவிடுங்கள், ஒளித்துச் செய்தால்தான் பகை வரும்.